உங்கள் ஒரு மணி நேரத்துக்கு உண்மையில் எவ்வளவு கிடைக்கிறது?

கிண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு வணிக நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நான் சேர்ந்தபோது, கையில் கொடுத்த கடிதத்தில் ஆண்டுக்கு 3,60,000 ரூபாய் என்று போட்டிருந்தது. மாதம் 30,000. என் வீடு கூடுவாஞ்சேரியில். ஒரு வருடம் கழித்து வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஊரப்பாக்கத்தில் ஒரு வரி ஆலோசகரின் அலுவலகத்தில் 21,000 ரூபாய்க்குக் கூப்பிட்டார்கள். முப்பதை விட்டுவிட்டு யாராவது இருபத்தொன்றுக்குப் போவார்களா என்று அன்றே மறுத்துவிட இருந்தேன். மறுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு வேலைக்கும் மணிக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். கிண்டி வேலையில் மணிக்கு 71 ரூபாயும், ஊரப்பாக்கம் வேலையில் 77 ரூபாயும் வந்தது.

அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதல் வேலையில் இருப்பவர்கள், இரண்டாவது வேலைக்குத் தாவலாமா என்று யோசிப்பவர்கள் என் எண்களை எடுத்துவிட்டுத் தங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளலாம். கூட்டல், கழித்தல், ஒரு வகுத்தல், அவ்வளவுதான். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

முதலில், சம்பளம் என்று எதை எடுத்துக்கொள்வது

கடிதத்தில் இருக்கும் 30,000 நிறுவனம் நமக்காகச் செய்யும் மொத்தச் செலவு. சிடிசி என்பார்கள். அது அப்படியே நம் கைக்கு வருவதில்லை. என் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 15,000. நிறுவனம் கட்டும் பிஎஃப் பங்கு அதில் 12 சதவீதம், அதாவது 1,800. வேலையை விடும்போது தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு என்று 721, குழு மருத்துவக் காப்பீட்டுக்கு 479. இவை போக மொத்தச் சம்பளம் 27,000. அதிலிருந்து என் பங்கு பிஎஃப் இன்னொரு 1,800 பிடிப்பார்கள். சென்னை மாநகராட்சிக்குக் கட்டும் தொழில்வரி அரையாண்டுக்கு 1,250, மாதத்துக்குப் பிரித்தால் 208. வருமான வரி வரவில்லை. ஆக வங்கிக் கணக்கில் விழுவது 24,992.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். சிலர் 30,000-ஐ அப்படியே எடுத்துக் கணக்குப் போடுகிறார்கள். சிலர் கையில் வருவதை மட்டும் எடுக்கிறார்கள். இரண்டுமே சரியில்லை என்பது என் கருத்து. பிஎஃப் நம் பணம்தான், பிறகு வருகிறது என்பது மட்டுமே வித்தியாசம். என் பங்கு முழுவதும் என் கணக்கில் சேர்கிறது. நிறுவனத்தின் 1,800-இல் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்கும் 550 என் பிஎஃப் கணக்குக்கும் போகிறது. அதனால் 3,600-ஐயும் சேர்த்துக்கொள்கிறேன். கிராஜுவிட்டியைச் சேர்ப்பதில்லை. நிரந்தர வேலையில் இருப்பவர் ஐந்து வருடம் நின்றால்தான் அது கிடைக்கும். என் பிரிவில் ஐந்து வருடம் நின்றவர்கள் இரண்டே பேர். காப்பீட்டைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

24,992-உடன் 3,600 சேர்த்தால் 28,592. போனஸ் உண்டென்றால், சென்ற தீபாவளிக்கு உண்மையாகக் கைக்கு வந்த தொகையைப் பன்னிரண்டால் வகுத்துச் சேருங்கள். இந்த வருடம் தருகிறோம் என்று சொன்னதைச் சேர்க்க வேண்டாம்.

நேரத்தை எழுதி வையுங்கள், நினைவை நம்பாதீர்கள்

கடிதப்படி என் வேலை நேரம் காலை 9.30 முதல் மாலை 6.30 வரை. இரண்டாம், நான்காம் சனி விடுமுறை. மாதம் ஏறத்தாழ 24 நாள். சாப்பாட்டு இடைவேளை ஒரு மணி நேரத்தைக் கழித்து, நாளுக்கு எட்டு மணி என்று 192 மணி நேரம் காட்டுவார்கள். 30,000-ஐ 192-ஆல் வகுத்தால் மணிக்கு 156 ரூபாய். காகிதத்தில் இருக்கும் விலை இதுதான்.

சாப்பாட்டு இடைவேளையை நான் வேலை நேரத்தோடுதான் சேர்க்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் நான் வீட்டுக்குப் போய்த் தூங்கவோ, குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டி வரவோ முடியாது. அது என் கையில் இல்லாத நேரம். உங்களால் மதியம் வீட்டுக்குப் போய்வர முடியுமென்றால் கழித்துக்கொள்ளுங்கள். எனக்கு 24 நாளுக்கு ஒன்பது மணி வீதம் 216 மணி நேரம் வந்தது.

அடுத்தது பயணம். வீட்டு வாசலைப் பூட்டும் நிமிடத்திலிருந்து அலுவலகத்தில் வருகை பதியும் நிமிடம் வரை அளக்க வேண்டும். ரயில் ஓடும் நேரத்தை மட்டும் சொல்லி “முக்கால் மணி நேரம்தான்” என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். வண்டியில் நிலையத்துக்குப் போக, நிறுத்த இடம் தேட, நடைமேடையில் நிற்க, கிண்டியில் இறங்கிப் படியேறி ஷேர் ஆட்டோ நிரம்பும்வரை காத்திருக்க என்று எழுதிப் பார்த்தால் போக 1 மணி 35 நிமிடம், திரும்ப 1 மணி 45 நிமிடம். ஒரு நாளுக்கு 3 மணி 20 நிமிடம், மாதத்துக்கு 80 மணி நேரம். கைப்பேசி வரைபடத்தில் ஞாயிறு மாலை பார்த்த நேரத்தை எழுதினால் இந்தக் கணக்கே பொய்யாகிவிடும்.

பிறகு, சம்பளமில்லாத கூடுதல் நேரம். இதை ஒரு வாரம் அளந்துவிட்டு நான்கால் பெருக்கக் கூடாது. கணக்குப் பிரிவில் வேலை தேதியைப் பார்த்து வரும். 7-ஆம் தேதி டிடிஎஸ் கட்ட வேண்டும். 11-ஆம் தேதி விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 படிவம், 15-ஆம் தேதி பிஎஃப், 20-ஆம் தேதி ஜிஎஸ்டி கட்டுவதற்கான ஜிஎஸ்டிஆர்-3பி படிவம். அப்புறம் மாதக் கடைசியில் கணக்கு முடிப்பு. 10, 19, 20 தேதிகளில் இரவு ஒன்பதரைக்குக் கிளம்புவேன். 23-ஆம் தேதி ஆறரைக்கு வெளியே வந்துவிடுவேன். எந்த வாரத்தை எடுக்கிறோமோ அதைப் பொறுத்து விடை தலைகீழாகும். மருத்துவமனை, பள்ளி, கடை என்று ஒவ்வொரு தொழிலுக்கும் இப்படி ஒரு சுழற்சி இருக்கும். அதனால் 1-ஆம் தேதியிலிருந்து 30 வரை முழு மாதமும் எழுதுங்கள். மார்ச்சோ, தணிக்கை நடக்கும் செப்டம்பரோ உங்களுக்கு வழக்கத்தை மீறிய மாதமென்றால் சாதாரண மாதம் ஒன்றையும் அளந்து சராசரி பாருங்கள்.

எழுதுவது எளிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாலாம் நாள் விட்டுவிடுவோம். நான் எனக்கே வாட்ஸ்அப்பில் தினமும் இரண்டு செய்தி அனுப்பினேன்: கிளம்பும்போது ஒன்று, வீடு சேர்ந்ததும் ஒன்று. நேரம் தானாகப் பதிந்துவிடும். இரவிலும் ஞாயிறிலும் மேலாளர் கூப்பிட்டு விவரம் கேட்டால், எத்தனை நிமிடம் என்று அதிலேயே போட்டுவிடுவேன். மாத முடிவில் அலுவலகத்தில் கூடுதலாக நின்றது 30 மணி, வீட்டிலிருந்து பார்த்தது 4 மணி. மொத்தம் 34.

216, 80, 34 மூன்றையும் கூட்டினால் 330 மணி நேரம்.

வேலை முடிந்து வந்து அசதியில் கிடக்கும் நேரத்தையும் சேர்க்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் அதை அளக்க வழியில்லை. அன்றைய கோபத்துக்கு ஏற்ப அந்த எண் ஏறும், இறங்கும். அளக்க முடிந்ததை மட்டும் வைத்துக்கொண்டால், நாளைக்கு மேலாளரிடம் பேசும்போதும் அந்த எண்ணில் உறுதியாக நிற்கலாம்.

வேலைக்காக மட்டும் ஆகும் செலவு

ஒரே ஒரு கேள்விதான்: இந்த வேலை இல்லாவிட்டால் இந்தச் செலவு ஆகியிருக்குமா? மதியம் வெளியே 100 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 100-ஐயும் வேலைச் செலவில் எழுதக் கூடாது. வீட்டில் சாப்பிட்டாலும் 40 ரூபாய் ஆகும். மிச்சம் 60 மட்டுமே வேலைச் செலவு.

என் கணக்கு இப்படி வந்தது. ரயில் சீசன், நிலையத்தில் வண்டி நிறுத்தக் கட்டணம், நிலையம் வரை பெட்ரோல், கிண்டியில் ஷேர் ஆட்டோ எல்லாம் சேர்த்து 1,870. மதியச் சாப்பாட்டின் கூடுதல் செலவும் மாலை டீ, வடையும் 1,320. அலுவலகத்துக்கென்றே வாங்கும் உடை, செருப்பு, பை வருடத்துக்கு 6,000, மாதத்துக்கு 500. பிறந்தநாள், வழியனுப்பு விழா என்று வசூலிப்பது 200. தாமதமாகும் ஏழு நாட்களில் ஷேர் ஆட்டோ கிடைக்காமல் பைக் டாக்ஸிக்கும், அன்றைய இரவுச் சாப்பாட்டுக்கும் 1,120. மொத்தம் 5,010.

டீ, வசூல் போன்ற சில்லறையை எழுத வெட்கப்பட வேண்டாம். மாதக் கடைசியில் காணாமல் போகும் பணம் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் போகிறது. பணம் செலுத்தும் செயலியில் மாதப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

செலவைக் குறைக்கக் கொடுக்கும் நேரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. என்னோடு வேலை பார்த்த ஒரு அக்கா, 25 ரூபாய் டிக்கெட் உள்ள பேருந்தை விட்டுவிட்டு இலவசப் பேருந்துக்காகக் கூடுதலாக 20 நிமிடம் நிற்பார். “இதுல என்ன மிச்சம், சொல்லு பார்ப்போம்” என்று ஒருநாள் கேட்டார். 20 நிமிடத்துக்கு 25 என்றால் மணிக்கு 75 ரூபாய். அவருடைய உண்மைச் சம்பளம் அதைவிடக் குறைவாகத்தான் வந்தது. ஆக அவர் நிற்பது சரிதான். அதுவே ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருந்தால் விடை மாறிவிடும்.

வகுத்துப் பாருங்கள்

28,592-இலிருந்து 5,010 போனால் 23,582. அதை 330-ஆல் வகுத்தால் 71 ரூபாய் 46 காசு. கணினியில் விரிதாளில் போடுபவர்கள் B2 முதல் B7 வரை வரிசையாகக் கைக்கு வரும் சம்பளம், பிஎஃப், வேலைச் செலவு, அலுவலக நேரம், பயண நேரம், கூடுதல் நேரம் என்று எழுதிக்கொண்டு இதை இடுங்கள்:

```
=(B2+B3-B4)/(B5+B6+B7)
```

156 என்று நினைத்திருந்தது 71 ஆனதைப் பார்த்தால் முதலில் மனம் உடைந்துதான் போகும். ஆனால் அந்த ஒற்றை எண்ணோடு நிறுத்தினால் ஒன்றும் கிடைக்காது. பணம் எங்கே ஒழுகுகிறது என்று அடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு பகுதியாக எடுத்துவிட்டுத் திரும்ப வகுங்கள்.

கூடுதல் நேரமே இல்லை என்று வைத்துக்கொண்டால் 34 மணி குறையும், தாமதத்தால் ஆன 1,120 மிச்சமாகும். 24,702-ஐ 296-ஆல் வகுத்தால் 83 ரூபாய். பயணமே இல்லை என்று வைத்துக்கொண்டால் 80 மணியும் 1,870 ரூபாயும் போய், 25,452-ஐ 250-ஆல் வகுக்க 102 ரூபாய் வருகிறது. என்னைப் பொறுத்தவரை பெரிய ஓட்டை பயணம்தான். அதுவரை நான் திட்டிக்கொண்டிருந்ததெல்லாம் ஓவர்டைமை. உங்களுக்கு நேர்மாறாக வரலாம். வந்தால் நீங்கள் மாற்ற வேண்டியதும் வேறாக இருக்கும்.

கூடுதல் நேரத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அந்த 30 மணி நேரத்துக்கு எனக்கு ஒரு ரூபாயும் வரவில்லை. அதற்கு மேல், அதனாலேயே 1,120 ரூபாய் செலவு. அதாவது மணிக்கு 37 ரூபாய் நான் கையிலிருந்து கொடுத்து வேலை பார்த்திருக்கிறேன். “கொஞ்சம் நேரம்தானே, இருந்து முடிச்சுட்டுப் போயிடு” என்று ஒவ்வொரு முறை சொல்லும்போதும் இது கண்ணில் படாது. மாதக் கணக்கில் எழுதினால்தான் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டப்படி ஒரு நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்பதே வழக்கமான வேலை நேரம். கூடுதல் நேரத்தைச் சேர்த்தாலும் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது. கூடுதல் நேரத்துக்குச் சாதாரண ஊதியத்தைப் போல் இரண்டு மடங்கு தர வேண்டும். 27,000-ஐ 26 நாள், எட்டு மணி என்று பிரித்தால் மணிக்கு 130 ரூபாய். இரட்டிப்பாக்கி 30 மணிக்குப் பெருக்கினால் மாதம் ஏறத்தாழ 7,800 ரூபாய். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. அதனாலேயே சிலருக்குப் பெயரில் மட்டும் ‘மேனேஜர்’ என்று ஒட்டிவிடுகிறார்கள். கீழே யாரையும் நிர்வகிக்காமல் நீங்களே பில் பதிவு செய்துகொண்டிருந்தால், அந்தப் பட்டம் எதற்கு என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டு வேலைகளை ஒப்பிடும்போது

ஊரப்பாக்கம் வேலை: 21,000 சம்பளம். எட்டுப் பேர் மட்டுமே உள்ள அலுவலகம், அதனால் பிஎஃப் கிடையாது, காப்பீடும் கிடையாது. தொழில்வரியை அதே அளவாக வைத்துக்கொண்டால் கையில் 20,792. எல்லாச் சனிக்கிழமையும் வேலை, மாதம் 26 நாள், ஒன்பது மணி வீதம் 234 மணி. வண்டியில் போய்வர நாளுக்கு 25 நிமிடம், மாதம் 11 மணி. அங்கே வேலை பார்ப்பவரைக் கேட்டதில் ஜிஎஸ்டி தேதிகளை ஒட்டி மாதம் 10 மணி நேரம் கூடுதலாக நிற்க வேண்டியிருக்கும் என்றார். மொத்தம் 255 மணி. பெட்ரோல், டீ, உடை எல்லாம் 1,220. மிச்சம் 19,572. மணிக்கு 77 ரூபாய்.

71-ஐவிட 77 பெரியது, அதனால் மாறிவிடலாம் என்று உடனே முடிவெடுத்துவிடாதீர்கள். மணி விலை கூடுதல் என்பதால் வீட்டு வாடகை குறையாது. மாதக் கடைசியில் மொத்தம் எவ்வளவு என்பதும் வேண்டும். இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: கிண்டி வேலை கூடுதலாகத் தரும் பணத்துக்கு நான் கூடுதலாகக் கொடுக்கும் நேரம் எவ்வளவு?

23,582-இல் 19,572 போனால் 4,010 ரூபாய். 330-இல் 255 போனால் 75 மணி நேரம். ஆக, கிண்டியில் இருப்பதால் கிடைக்கும் கூடுதல் பணம் மணிக்கு 53 ரூபாய். யாராவது என்னிடம் வந்து, “மாதம் 75 மணி நேரம் வேலை இருக்கிறது, மணிக்கு 53 ரூபாய் தருகிறேன், ஆனால் அதில் பெரும்பகுதி ரயிலில் நின்றுகொண்டிருக்க வேண்டும்” என்றால் போவேனா? இந்த எண்ணைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். சராசரியில் 71-க்கும் 77-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசத்தை மட்டும் எடுத்து வகுக்கும்போதுதான் என்ன பேரம் செய்கிறோம் என்று தெரிகிறது.

அந்த 4,010-ஐ இன்னும் பிரித்தால், அதில் 3,600 பிஎஃப். கையில் புழங்கும் பணத்தை மட்டும் பார்த்தால் கிண்டியில் 19,982, ஊரப்பாக்கத்தில் 19,572. வித்தியாசம் 410 ரூபாய்! 30,000-க்கும் 21,000-க்கும் இடையில் இருந்த 9,000 ரூபாய், வீட்டுச் செலவுக்கு வரும்போது 410 ஆகிவிட்டது. இதைப் பார்த்து அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, “அப்போ இத்தனை நாள் ராத்திரி பத்தரைக்கு வந்தது எதுக்குப்பா?” என்று கேட்டார்.

ஆனால் அந்த 3,600 சிறிய தொகை இல்லை. வருடத்துக்கு 43,200 ரூபாய் சேமிப்பு. கையில் கிடைத்திருந்தால் நான் சேர்த்திருக்க மாட்டேன் என்பது எனக்குத் தெரியும். காப்பீடும் இருக்கிறது. எனக்கு மட்டும் தனியாகப் பாலிசி எடுக்க விசாரித்தபோது மாதத்துக்கு 600 ரூபாய் போல வந்தது. அதையும் கிண்டி பக்கம் சேர்த்தால் 4,610-ஐ 75-ஆல் வகுக்க மணிக்கு 61 ரூபாய். வீட்டில் வயதானவர்களுக்கும் நிறுவனக் காப்பீடு கிடைக்கிறது என்றால் இந்த எண் நன்றாகவே ஏறிவிடும். அப்போது தூரத்து வேலையை விடாமல் இருப்பதே சரியாக இருக்கலாம்.

கணக்கில் வராதவையும் உண்டு. கிண்டியில் பெரிய நிறுவனத்தின் தணிக்கையை அருகிலிருந்து பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஊரப்பாக்கத்தில் வருபவர்கள் சிறு கடைக்காரர்கள். கற்பது நாளைய சம்பளத்தில் வரும். அதற்கு இப்போதே ஒரு ரூபாய் மதிப்புப் போட முடியாது. நான் செய்தது இது: சென்ற ஆறு மாதத்தில் புதிதாக என்ன கற்றேன் என்று ஒரு தாளில் எழுதினேன். முதல் மூன்று மாதத்துக்கு நான்கு வரி வந்தது, அடுத்த மூன்று மாதத்துக்கு ஒன்றும் இல்லை.

எண் கையில் இருக்கும்போது என்ன கேட்கலாம்

நான் உடனே வேலையை விடவில்லை. மேலாளரிடம் போனேன். “மணிக்கு 71 ரூபாய்தான் வருகிறது சார்” என்று சொல்லவில்லை. அப்படிச் சொன்னால், நீ கூடுவாஞ்சேரியில் இருப்பது என் தப்பா என்று கேட்பார். அது நியாயமான கேள்விதான். பயணம் நம் பக்கம், கூடுதல் நேரம் அவர்கள் பக்கம். அதனால் அவர்கள் பக்கம் இருந்ததை மட்டும் எடுத்துப் போனேன். எந்தெந்தத் தேதியில் எத்தனை மணி வரை இருந்தேன் என்ற ஒரு மாதப் பட்டியல், தாமதமான இரவுகளின் சாப்பாடு, வண்டி ரசீதுகள். இரண்டு கோரிக்கை வைத்தேன்: இரவு எட்டு மணிக்கு மேல் இருந்தால் சாப்பாட்டையும் வண்டிக் கட்டணத்தையும் நிறுவனம் தர வேண்டும், 11-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் பிறகு, கூடுதல் நேரத்துக்கு ஈடாக ஒவ்வொரு நாள் விடுப்பு வேண்டும்.

சம்பள உயர்வு கேட்டிருந்தால் ஏப்ரலில் பார்க்கலாம் என்றிருப்பார். இந்த இரண்டும் அவர் கையெழுத்திலேயே முடியக்கூடியவை. பத்து நாளில் கிடைத்தது. திரும்பக் கணக்குப் போட்டேன். 1,120 மிச்சம். இரண்டு நாள் விடுப்பால் அலுவலக நேரமும் பயணமும் சேர்த்து ஏறத்தாழ 25 மணி குறைந்தது. 24,702-ஐ 305-ஆல் வகுத்தால் 81 ரூபாய். சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறாமல் மணி விலை 71-இலிருந்து 81 ஆனது.

நம் பக்கத்துப் பயணத்துக்கும் இதே மாதிரி விலை போட்டேன். பல்லாவரத்துக்குக் குடிபோனால் மாதம் 40 மணி நேரம் மிச்சமாகும், பயணச் செலவில் 300 குறையும், வாடகை 3,500 கூடும். 3,200 கொடுத்து 40 மணி வாங்குவது, மணிக்கு 80 ரூபாய். நான் சம்பாதிக்கும் விலையை ஒட்டியே நேரத்தை வாங்குவது போல. அம்மாவின் உறவுகள் எல்லாம் கூடுவாஞ்சேரியில் இருக்க, அது வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

சேராத வேலைக்கு எண்களை எப்படிக் கண்டுபிடிப்பது

நேர்முகத் தேர்வில் வேலை நேரம் கேட்டால் கடிதத்தில் இருப்பதைத்தான் சொல்வார்கள். “ஓவர்டைம் உண்டா?” என்று கேட்டால் “எப்பவாவது” என்பார்கள். “போன மாதம் 20-ஆம் தேதி கடைசியாகக் கிளம்பியவர் எத்தனை மணிக்குப் போனார்?” என்று கேளுங்கள். தேதியும் செயலும் இருக்கும் கேள்விக்கு மழுப்புவது கடினம். உங்கள் தொழிலில் நெருக்கடியான தேதி எதுவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சேருவதற்கு முன் ஒரு செவ்வாயோ புதனோ, வேலைக்குப் போகும் அதே நேரத்துக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு அந்த அலுவலகம் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். திரும்பும் பயணத்தையும் மாலை ஏழு மணிக்கே பாருங்கள். முடிந்தால் நெருக்கடித் தேதிக்கு முந்தைய இரவு எட்டரைக்கு அந்தக் கட்டடத்தின் பக்கம் போய், வாசலில் எத்தனை வண்டிகள் நிற்கின்றன என்று எண்ணுங்கள். எதிரே உள்ள டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, “இந்த ஆபீஸ்காரங்க எத்தனை மணி வரைக்கும் வருவாங்கண்ணே?” என்று கேட்டாலே போதும். ஊரப்பாக்கம் அலுவலகத்துக்கு எதிரே இருந்த கடைக்காரர், “ஏழரைக்கு ஷட்டர் போட்டுடுவாங்க தம்பி, இருபதாம் தேதி மட்டும் ஒன்பதாகும்” என்றார். என் நோட்டில் எழுதியிருந்த 10 மணி நேரத்தை அப்படியே விட்டுவைத்தேன்.